ஆகக் குறைந்த விலைக்காரன்

என் வாழ்க்கையில் நான் முதலாவதாக வந்த சந்தர்ப்பங்கள் இரண்டே இரண்டு. முதலாவது, பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியில் தேசிக்காயும் கரண்டியும் ஓட்டம். தேசிக்காயைப் பெருவிரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு ஓடினேன், யாரும் காணவில்லை. இரண்டாவது, அரசாங்கக் கந்தோர் ஒன்று கேட்ட டெண்டரில். அதில் அமத்திப் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. நியாயமாகவே வென்றேன். அதுதான் வினையாய்ப் போனது.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் என் கடை இருக்கிறது. கடை என்று சொல்வது என் வழக்கம். அகலம் எப்படியென்றால், நான் உள்ளே நின்றால் வாடிக்கையாளர் வெளியேதான் நிற்க வேண்டும். காகிதம், கோப்பு, பேனை, ஸ்டேப்ளர் ஊசி எல்லாம் கந்தோர்களுக்குச் சப்ளை செய்கிறேன். முதலாளியும் நான், கணக்காளரும் நான், பெட்டி தூக்குபவரும் நான். சம்பளத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன ஒரே தொழிலாளியும் நான்தான்.

டொலர் பறந்த அந்த வருடத்தின் தொடக்கத்தில், டொலர் இன்னும் பறக்காமல் இருந்த நேரத்தில், கோட்டைப் பக்கத்துக் கந்தோர் ஒன்று ஒரு வருடத்துக்குத் தேவையான ஃபோட்டோகொப்பித் தாளையும் கோப்புகளையும் ஒரேயடியாக வாங்க டெண்டர் கேட்டது. அந்தக் கந்தோருக்கு நான் பத்து வருடமாகச் சில்லறையாகச் சப்ளை செய்துகொண்டிருந்தேன். இது பெரிய வேலை. விலை போட்டேன். போட்ட விலையை மூன்று மாதத்துக்கு மாற்ற முடியாது. அதற்கு உத்தரவாதமாக, ஏலப் பிணை என்று ஒரு வங்கிக் கடிதம் கொடுக்க வேண்டும். தொழிலில் எல்லோரும் பிட் பொண்ட் என்போம். நான் சொல் மாறினால் கந்தோர் அந்தக் கடிதத்தை வங்கியில் நீட்டும். வங்கி மறுபேச்சில்லாமல் பணத்தைக் கொடுத்துவிடும்.

வங்கி அப்படியொரு கடிதத்தைச் சும்மா எழுதித் தராது. அதற்கும் ஏதாவது அடைவு வேண்டும். என்னிடம் வங்கி மதிக்கக்கூடிய பொருள் எதுவும் இருக்கவில்லை. ஆகவே கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

கொட்டாஞ்சேனையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் என் அக்கா தனியாக இருக்கிறார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். கலியாணம் செய்யவில்லை, ‘ஒரு தம்பியே போதும்’ என்பது அதற்கு அவர் சொல்லும் காரணம். அரசாங்கத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணிக்கொடையை அப்படியே நிலையான வைப்பில் போட்டிருந்தார். பென்ஷனில் வாடகை போகும். மாதாமாதம் வருகிற வட்டியில் அரிசி, மருந்து, லைட் பில். அந்த வைப்பைப் பிணைக்கு அடைவாக வைக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். பொண்ட் திரும்பி வரும்வரை வட்டி வரும், ஆனால் முதல் தொகையில் யாரும் கை வைக்க முடியாது.

"எப்ப திரும்பி வரும்?" என்று மட்டும் கேட்டார்.

"மூண்டு நாலு மாசம் அக்கா. இது சும்மா ஒரு கடதாசி. ஒண்டும் நடவாது."

ஒன்றும் நடக்காது என்று நான் சொன்ன விடயங்களின் பட்டியல் அக்காவிடம் இருக்கிறது. எதையும் அவர் மறப்பதில்லை.

டெண்டர் திறந்த அன்று கந்தோரின் கூட்ட அறையில் மூன்று பேருடைய விலையையும் உரத்து வாசித்தார்கள். ஆகக் குறைந்தது என்னுடையது. மற்ற இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பொறாமை என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது அனுதாபமாகவும் இருந்திருக்கலாம். வரும் வழியில் மீன் ரோல்ஸ் பன்னிரண்டு வாங்கி, ஒழுங்கையில் இருந்த எல்லாக் கடைக்கும் கொடுத்தேன்.

எங்களைப் போன்ற சின்ன ஆட்கள் வேலை கைக்கு வரும்வரை சரக்கு வாங்குவதில்லை. வாங்கக் காசு இருப்பதுமில்லை. வேலை உனக்குத்தான் என்று கந்தோர் கடிதம் அனுப்பியபிறகுதான் மாளிகாவத்தை நானாவிடம் போவோம். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம்; இவர் காகித மொத்த வியாபாரி. முப்பது வருடமாக அதே மேசை, அதே கல்குலேட்டர்.

பங்குனி மாதம் டொலர் ஏறத் தொடங்கியது. நானாவின் மேசையில் கல்குலேட்டர் கவிழ்ந்து கிடந்தது.

"இன்டைக்கி என்ன வெல நானா?"

"இப்ப கேக்கியளா, பகல் சாப்பாட்டுக்குப் பொறகு கேக்கியளா? ரெண்டும் வேற வேற வெல."

"நான் டெண்டர் போட்ட வெலைக்கு ஒரு பெட்டி தாள் வருமா?"

நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெட்டி வரும். தாள் வராது."

கணக்குப் பார்த்தோம். நான் ஒரு பெட்டிக்குப் போட்ட விலைக்கு இப்போது அரைப் பெட்டிதான் வரும். அதுவும் கப்பலில் இருக்கும் சரக்கு, துறைமுகத்தை விட்டு வெளியே வருமா என்று நானாவுக்கே தெரியாது. போட்ட விலைக்கே சப்ளை செய்தால் பிணைத் தொகையைப்போலப் பல மடங்கு நட்டம். செய்யாவிட்டால் பிணை போகும். கறுப்புப் பட்டியலிலும் பெயர் போகும். அந்தப் பிணை என்னுடையதாக இருந்தால், விதி என்று ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு எழும்பியிருப்பேன். அது அக்காவின் அரிசி.

"ஒரு கடிதம் குடுத்து வாபஸ் வாங்கிக்கோங்கொ," என்றார் நானா. "நாட்டு நெலம அவங்களுக்கும் தெரியும்தானே. வேல கெடைக்க முந்தியே சொன்னா மரியாத."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்றே கடிதம் எழுதினேன். நாட்டின் பொருளாதார நெருக்கடி, தவிர்க்க முடியாத சூழ்நிலை, ஆழ்ந்த வருத்தம் எல்லாம் போட்டு, எங்கள் விலையை வாபஸ் பெறுகிறோம் என்று முடித்தேன். எழுத்து நன்றாக வந்திருந்தது. இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். இரண்டாம் முறை எனக்கே கண் கலங்கியது.

அதைக் கந்தோரில் கொடுக்கப் போகும் வழியில், பணத்துக்குச் சொந்தக்காரியிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவோம் என்று கொட்டாஞ்சேனைக்கு ஏறினேன். மின்வெட்டு. அக்கா பல்கனியில் கதிரையைப் போட்டு விசிறிமட்டையோடு இருந்தார். கடிதத்தை வாங்கி வாசித்தார். கண் கலங்கவில்லை.

"டெண்டர் டொக்கியுமெண்ட் எங்க?"

"பையில கிடக்கு."

"வாசிச்சனியோ?"

"எல்லாப் பக்கத்திலயும் கையெழுத்து வைச்சு சீல் குத்தியிருக்கிறன் அக்கா."

"வாசிச்சனியோ எண்டு கேட்டனான்."

இங்கே எங்கள் தொழிலைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டெண்டர் புத்தகத்தில் ஐம்பது அறுபது பக்கம் இருக்கும். விலை எழுதும் பக்கம் ஒன்றை மட்டும்தான் நாங்கள் பார்ப்போம். மற்றதெல்லாவற்றிலும் மூலையில் சின்னக் கையெழுத்து, பக்கத்தில் சீல். அது வாசித்ததற்கு அடையாளமாகக் கேட்கப்படுகிற கையெழுத்து. நாங்களோ, வாசிக்கத் தேவையில்லை என்பதற்கான கையெழுத்தாக அதை மாற்றிவிட்டோம். என்னுடையதில் பதினோராம் பக்கத்துச் சீல் தலைகீழாக இருந்தது.

அக்கா வாசித்தார். எழுத்துக்கு எழுத்து, விரலை ஓடவிட்டு, முப்பது வருடம் மற்றவர்களின் கோப்புகளை வாசித்தது போலவே. நான் உள்ளே போய் மண்ணெண்ணெய் அடுப்பில் தேத்தண்ணி வைத்தேன். இரண்டாவது தேத்தண்ணியும் ஆறியபிறகு கூப்பிட்டார்.

"டேய், இஞ்ச வா. இதைக் குடுத்திருந்தியெண்டா இண்டைக்கே காசு போயிருக்கும்."

"ஏன்? வேலை இன்னும் எனக்குத் தரேல்லையே."

"தந்தா என்ன தராட்டி என்ன. விலை நிக்கிற காலத்துக்குள்ள நீ வாபஸ் வாங்கினா அவை பொண்டை உடைக்கலாம். இந்தா, தலைகீழா சீல் குத்தின பக்கத்திலயே கிடக்கு. டெண்டர்ப் பெட்டி திறக்க முந்தி வாபஸ் வாங்கியிருக்கலாம். திறந்தாப் பிறகு ஏலாது."

"டொலர் ஏறினதுக்கு..."

"டொலரைப் பற்றி ஒரு சொல்லும் இதில இல்லை. விலை கூடினா அது உன்ர பாடு."

கடிதத்தை நாலாக மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். என் இலக்கியம் அத்தோடு முடிந்தது.

"அப்ப என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யாதை. அது உனக்கு வடிவா வரும்." விரலை அடுத்த பந்திக்கு நகர்த்தினார். "விலை நிக்கிற காலம் முடிய முந்தி அவை வேலையைத் தந்தா, நீ மாட்டினாய். தராமல் காலம் முடிஞ்சா, நீயும் வெளியில, பொண்டும் வெளியில. அவைக்கு நேரம் காணாட்டி, காலத்தைக் கூட்டித்தரச் சொல்லி எழுத்தில கேப்பினம். நீ மாட்டன் எண்டு சொல்லலாம். மாட்டன் எண்டால் பொண்டைத் தொடேலாது. ஓம் எண்டால் பழைய விலையிலதான் நிக்கோணும், ஒரு சதமும் மாத்தேலாது."

"கூட்டித்தர மாட்டன் எண்டு கந்தோருக்குச் சொல்லுறதோ? அக்கா, அப்பிடி ஒருத்தரும் சொல்லுறேல்லை."

உண்மை. கந்தோர் காலத்தை நீட்டச் சொல்லிக் கேட்டால் ஓம் என்பதுதான் தொழில் முறை. அந்தக் கடிதம் வந்தால், வேலை நமக்குத்தான் என்று அர்த்தம் எடுத்து ரோல்ஸ் வாங்குவோம். மறுத்த ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

அக்கா மருந்துக்கடைக் கலண்டரில் நாளை எண்ணினார். இன்னும் இருபத்து மூன்று நாள். அந்த வெள்ளிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டார்.

"காசு போனால் இந்த வீட்டை விட்டுப்போட்டு உன்ர வீட்டுக்குத்தான் நான் வரோணும்," என்றார், பேனையை மூடிக்கொண்டே. "உன்ர பகிடியை விடிய எழும்பினதில இருந்து கேக்க என்னால ஏலாதடா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தப் பல்கனியையும், பூட்டித் திறக்கத் தன்னிடம் மட்டும் இருக்கும் சாவியையும் அவர் எவ்வளவு வருடம் வேலை செய்து சம்பாதித்தார் என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு நான் அரசாங்கத்தின் தாமதத்தை நேசிக்கத் தொடங்கினேன். அதுவரை கிழமைக்கொரு முறை கந்தோருக்கு ஃபோன் பண்ணி, ஃபைல் எங்கே நிற்கிறது என்று விசாரிப்பேன். இப்போது, எங்கே நின்றாலும் அங்கேயே நிற்கட்டும், சுகமாக இருக்கட்டும் என்று கும்பிட்டேன். மின்வெட்டு வந்தால் மனம் குளிர்ந்தது. கம்பியூட்டர் வேலை செய்யாதல்லவா. பெட்ரோல் வரிசை நீண்டால், அந்த மதிப்பீட்டுக் குழுவின் உறுப்பினர் ஒருவராவது அதில் நிற்பார் என்று நம்பினேன். நாடு முழுக்க அழுதுகொண்டிருந்தபோது ஒவ்வொரு தாமதத்துக்கும் நன்றி சொன்ன ஆள் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். அதற்காக வெட்கப்படுகிறேன். ஆனாலும் சொன்னேன்.

நான் ஃபோன் எடுக்காததைக் கவனித்தது அந்தக் கோப்பைப் பார்க்கும் கிளாக். இளம் பெண், சிங்களவர். நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை அங்கிள் என்பார். கதை எல்லாம் சிங்களத்தில்தான். ஒரு நாள் அவரே எடுத்தார்.

"அங்கிள், சுகமில்லையா? இரண்டு கிழமையாகச் சத்தமே இல்லையே."

"சுகம் மிஸ், சுகம். உங்களைக் கரைச்சல்படுத்தக் கூடாது என்று."

"நல்லது. நானும் எடுக்க இருந்தேன். குழு கூட முடியவில்லை, அங்கிள். வருவதற்கு ஒருவரிடமும் எண்ணெய் இல்லை. எங்கள் மேலதிகாரி சேர், விலை நிற்கிற காலத்தை இன்னும் நாற்பத்தைந்து நாள் கூட்டித்தர முடியுமா என்று கேட்கச் சொன்னார். உங்களுக்குச் சரிதானே?"

"ஹரி மிஸ், ஹரி. பிரச்சினையே இல்லை," என்றேன். சிங்களத்தில் ஹரி என்றால் சரி.

ஃபோனை வைத்தேன். வைத்த கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருடப் பழக்கம். கந்தோரில் இருந்து எது கேட்டாலும் என் வாய் ஹரி என்றுவிடும். மூளை பின்னால் பஸ்ஸில் வந்து சேரும்.

கொட்டாஞ்சேனைக்குப் பாதித் தூரம் பஸ்ஸிலும் மீதி நடந்தும் போனேன். மூன்று மாடியும் ஏறி, வாசலில் நின்றபடியே சொன்னேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகைக் கீழே வைக்கவில்லை.

"ஓம் எண்டு சொன்னனியோ?"

"ஹரி எண்டனான்."

"ரெண்டும் ஒண்டுதானே."

"வாய் தவறி..."

"உனக்கு வாய் தவறுறேல்லை. வாய்தான் இருக்கு, மற்றதுகள்தான் தவறிப்போச்சு." சுளகை வைத்துவிட்டு டெண்டர் புத்தகத்தை எடுத்தார். அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருந்தார். "கேக்கிறதும் எழுத்தில. பதிலும் எழுத்தில. ஃபோனில சொன்னது கணக்கில்லை. ஆனா அந்தப் பிள்ளைக்குச் சொன்ன சொல்லு கணக்கு. அதை நீதான் நேரில போய்த் தீர்க்கோணும்."

கடிதம் மூன்றாம் நாள் வந்தது. பதிலை நான் எழுதி, அக்காவிடம் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். டொலர், கப்பல், நானாவின் கல்குலேட்டர், பத்து வருட உறவு எல்லாம் இருந்தது. விலையைக் கூட்டித் தந்தால் யோசிக்கலாம் என்றும் ஒரு வரி போட்டிருந்தேன். அக்கா சிவப்புப் பேனையால் வெட்டிக்கொண்டே போனார்.

"காரணம் கேட்டவையோ?"

"இல்லை."

"பிறகேன் சொல்லுறாய்? விலை கூட்டுற கதை கதையாதை, அது வேற பிரச்சினைக்குக் கொண்டுபோய் விடும். வாபஸ் எண்ட சொல்லு வரவே கூடாது. கேட்டதுக்கு மட்டும் பதில்."

மிஞ்சியது இரண்டு வரி. உங்கள் கடிதம் கிடைத்தது, எங்கள் விலை நிற்கும் காலத்தை மேலும் நீட்ட நாங்கள் இணங்கவில்லை. காலம் முடிந்தபின் ஏலப் பிணையைத் திருப்பித் தரவும்.

"நன்றி எண்டாவது போடட்டோ?"

யோசித்தார். "போடு."

அடுத்த திங்கட்கிழமை கந்தோருக்குப் போனேன். அந்த வெள்ளியோடு காலம் முடிகிறது. மிஸ் கடிதத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அங்கிள், ஃபோனில் ஹரி என்றீர்களே."

"மிஸ், நான் ஹரி என்பது குட் மோர்னிங் மாதிரி. பல் வலிக்கிறதா என்று கேட்டாலும் ஹரி என்பேன்." அவர் சிரிக்கவில்லை. பகிடி எடுபடாத இடத்தில் எனக்கு வேறு ஆயுதம் கிடையாது. ஆகவே உள்ளதைச் சொன்னேன். "பிழை என்னுடையது. நான் யோசிக்காமல் சொன்னேன். உங்களை நம்ப வைத்துவிட்டேன். அந்தப் பிணை என் அக்காவின் பணம். அவருக்கு வேறு இல்லை."

மிஸ் முத்திரைப் பெட்டியைத் திறந்தார். பிறகு இரண்டு பிரதியிலும் திகதி முத்திரை குத்தி, ஒன்றை என்னிடம் தந்தார்.

"சேருக்கு நீங்கள் மாட்டீர்கள் என்று எழுதியதைத்தான் கொடுப்பேன். ஹரி என்றதைச் சொல்ல மாட்டேன். அது ஃபைலில் இல்லையே." மேசையை ஒழுங்குபடுத்துவதுபோலக் குனிந்துகொண்டு, "வியாழக்கிழமை எப்படியாவது குழு கூடுகிறது," என்றார். "உங்கள் விலை வெள்ளி வரைக்கும் நிற்கிறது, அங்கிள்."

அவர் சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்வது அவருக்கு முறையுமில்லை. படியில் இறங்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. நீட்ட மாட்டேன் என்று சொன்னதால் நான் தப்பவில்லை. வெள்ளி பின்னேரம்வரை என் விலை உயிரோடு இருக்கிறது. வியாழன் குழு கூடி, ஆகக் குறைந்த விலைக்காரனுக்கே கொடு என்று முடிவெடுத்து, வெள்ளி அந்தக் கடிதம் என் கைக்கு வந்துவிட்டால் முடிந்தது. நான் கையெழுத்து வைக்க மறுத்தால் பிணை போகும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடையைத் திறந்தால், ஒழுங்கை முனையில் குடையோடு அக்கா வந்துகொண்டிருந்தார். எந்த பஸ்ஸில், எவ்வளவு நேரம் தொங்கிக்கொண்டு வந்தார் என்று கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டார். கடையில் இருந்த ஒரே ஸ்டூலில் அவர் அமர்ந்தார். வழமைப்படி எங்களில் ஒருவர் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. அது நான்.

"அக்கா, கடையைப் பூட்டிப்போட்டு ஃபோனையும் நிப்பாட்டிப்போட்டுக் கடற்கரைக்குப் போவமோ? ஆளில்லையெண்டா..."

"ஏன், ஒளிக்கிறதுக்கு நாங்கள் என்ன களவே எடுத்தனாங்கள்? திறந்து வை. வாறதெண்டா நேர வரட்டும்."

"வந்தா?"

"வந்தா இருக்கிறதை வித்தாவது ஏதோ செய்வம். அதுக்கு முந்தி அழாதை."

காத்திருந்தோம். ஒழுங்கைக்குள் ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் திரும்பும்போதும் ஓட்டுபவரின் கையில் கடிதம் இருக்கிறதா என்று பார்த்தேன். எண்ணெய் இல்லாத நாளில் இத்தனை மோட்டார் சைக்கிள் எங்கிருந்து வருகிறது என்று வியந்தேன். பக்கத்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, என்ன, புதிதாக ஆள் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். அக்கா அவருக்குப் பேனை இரண்டு விற்றார், நான் விற்பதைவிடக் கூடுதல் விலைக்கு. பகல் ஒரு பார்சல் சோற்றைப் பிரித்து இருவரும் சாப்பிட்டோம். அக்கா பொரித்த மீனை என் பக்கம் தள்ளினார். அது அவர் பதற்றமாக இருக்கிறார் என்பதற்கு அடையாளம். வழமையில் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும்.

மூன்றேகாலுக்கு ஃபோன் அடித்தது. மிஸ்.

ஒலிபெருக்கியில் போடச் சொல்லி அக்கா கை காட்டினார். அவருக்கு என்னைவிட நல்ல சிங்களம்.

"அங்கிள், நேற்றுக் குழு கூடியது. உங்கள் கடிதத்தைச் சேர் வாசித்தார். இரண்டாவது ஆளும் நீட்ட மாட்டேன் என்றுதான் எழுதியிருந்தார். மூன்றாவது ஆள் ஓம் என்றார், ஆனால் அவருடைய விலை எங்கள் மதிப்பீட்டைவிட மிகவும் கூட." நிறுத்தினார். கதிரை ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. "வேலையை உங்களுக்குக் கொடுத்து மடக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஒரு நாள் இருக்கிறதுதானே என்று. சேர்தான் சொன்னார், இந்த விலைக்கு எந்த மனிதன் தாள் தருவான், நாங்கள் அவனுடைய பிணையைத் தின்றுவிட்டுத் தாள் இல்லாமல் இருக்கப்போகிறோமா என்று. டெண்டரை ரத்துச் செய்து திரும்பக் கேட்கச் சொல்லி எழுதிவிட்டார்கள். கடிதமும் பொண்டும் வரும். கொஞ்சம் நாளாகும்."

"ஹரி மிஸ்," என்றேன். மிக்க நன்றி என்பதற்கும் எனக்குச் சிங்களம் தெரியும். "பொஹொம ஸ்துதி."

அக்கா ஃபோனுக்குப் பக்கத்தில் குனிந்து, நல்ல சிங்களத்தில், "மகள், சமைக்க காஸ் இருக்கிறதா வீட்டில்?" என்று கேட்டார்.

அந்தப் பக்கம் சிரிப்பு. "இல்லை அம்மா. விறகுதான்."

"எங்களுக்கும் காஸ் இல்லை, மண்ணெண்ணெய்தான்," என்றார் அக்கா.

பொண்ட் வந்து சேர இன்னும் மூன்று கிழமை எடுத்தது. மூலப் பிரதியை எடுத்துக்கொண்டு அக்காவும் நானும் வங்கிக்குப் போனோம். அக்கா இலக்கத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துத்தான் கவுண்டரில் கொடுத்தார். வங்கி உத்தியோகத்தர் பிணையை ரத்துச் செய்து, வைப்பின் மேலிருந்த தடையை நீக்கிக் கையெழுத்து வைத்தார்.

"இப்ப சரி அம்மா. இனி நீங்கள் அண்டைக்குக் கேட்ட மாதிரி இதை முறிச்சுப் புது வட்டிக்குப் போடலாம்."

"எண்டைக்குக் கேட்டவ?" என்றேன்.

"சித்திரையில வந்தவ. வட்டி நல்லா ஏறினது தெரியும்தானே. எல்லாரும் பழைய வைப்பை முறிச்சுப் புதுசாப் போட்டவை. அம்மாவும் வந்தவ, தடை இருக்கு, ஏலாதெண்டு நாங்கள்தான் திருப்பி அனுப்பினனாங்கள்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் படிவத்தில் பெயரை நிரப்புவதில் மும்முரமாக இருந்தார். இத்தனை நாளும், அயலவர்கள் இரண்டு மடங்கு வட்டி எடுத்தபோது, என் கடிதங்களை வெட்டித் திருத்திக்கொண்டிருந்த மனுஷி ஒரு சொல் சொல்லவில்லை. அவருடைய கலண்டரில் அந்த நாட்களும் இருந்திருக்க வேண்டும்.

ஏதாவது பகிடி சொல்லப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"இதில திகதியைப் போடு," என்று படிவத்தை என் பக்கம் தள்ளினார். போட்டேன்.

வெளியே வெயில். பஸ் தரிப்பு வரை நடந்தோம். அக்கா கைப்பையை மார்போடு அணைத்திருந்தார், உள்ளே புது வைப்பின் கடதாசி.

"திரும்பக் கேக்கினமாமே, அந்த டெண்டரை," என்றார்.

"ஓம். நேற்றுப் போய் டொக்கியுமெண்ட் எடுத்தனான்."

"இந்த முறை விலை எத்தனை நாளைக்கு நிக்கோணும்?"

"தெரியேல்லை அக்கா. இன்னும் வாசிக்கேல்லை."

அக்கா நடப்பதை நிறுத்திவிட்டார்.